கட்டைவிரலுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை: பிஜிஎம்ஐ-யில் நான்கு விரல் லேஅவுட் அமைப்பது எப்படி

சுவரோரத்தில் எதிரி தலையை நீட்டுகிறான். ஸ்கோப்பைத் திறக்க வேண்டும், குறியை அவன் மேல் கொண்டுபோக வேண்டும், சுட வேண்டும். இரண்டு கட்டைவிரலால் ஆடுபவருக்கு இந்த மூன்றுமே வலது கட்டைவிரலின் வேலை. அது ஸ்கோப் பட்டனுக்குப் போகும்போது குறி நகராது. குறியை நகர்த்தும்போது சுட முடியாது. இடது கட்டைவிரல் ஜாய்ஸ்டிக்கில் மாட்டிக்கொண்டிருக்கும். மற்ற எட்டு விரல்களும் போனுக்குப் பின்னால் சும்மா கிடக்கும்.

"எனக்கு ரிஃப்ளெக்ஸ் கம்மி" என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் குறைவது ரிஃப்ளெக்ஸ் அல்ல. கண் பார்த்து விரல் அசையத் தொடங்க எல்லோருக்கும் ஏறக்குறைய 200 முதல் 250 மில்லிவினாடி ஆகிறது. அதைப் பெரிதாகக் குறைக்க முடியாது. குறைக்கக்கூடியது அதற்குப் பிறகு கட்டைவிரல் அங்குமிங்கும் ஓடும் நேரம்தான். இந்த வழிகாட்டி அதைப் பற்றியது. பிஜிஎம்ஐ-யை உதாரணமாக எடுத்துக்கொண்டு, இரண்டு கட்டைவிரலிலிருந்து நான்கு விரலுக்கு, அதாவது நம் பசங்க 'கிளா' என்று சொல்லும் பிடிக்கு மாறுவதை முதலிலிருந்து பார்ப்போம்.

முதலில் நேரம் எங்கே போகிறது என்று அளக்க வேண்டும்

ஆண்ட்ராய்டு போனில் Developer options-ஐத் திறந்து Show taps என்பதை ஆன் செய்யுங்கள். விரல் படும் இடமெல்லாம் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். Developer options இன்னும் திறக்கப்படவில்லை என்றால், அமைப்புகளில் போனைப் பற்றிய பக்கத்துக்குப் போய் Build number மேல் ஏழு முறை தட்டினால் வரும். அடுத்து ஸ்கிரீன் ரெக்கார்டரை 60 பிரேமில் வைத்து இரண்டு அணிகள் நேருக்கு நேர் மோதும் டிடிஎம் ஆட்டங்கள் நான்கைந்தைப் பதிவு செய்யுங்கள். அதைக் கணினிக்கு மாற்றி விஎல்சி-யில் திறந்து நிறுத்திவிட்டு E விசையை அழுத்தினால் ஒவ்வொரு பிரேமாக நகரும். 60 பிரேம் பதிவில் ஒரு பிரேம் என்பது 16.7 மில்லிவினாடி.

எதிரி திரையில் தெரியும் பிரேமை பூஜ்யமாக வைத்து எண்ணுங்கள். கணக்கு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 15-ஆவது பிரேமில் வலது கட்டைவிரல் அசையத் தொடங்குகிறது. 22-இல் ஸ்கோப் பட்டனைத் தொடுகிறது. 30-இல் திரும்பி வந்து குறியை இழுக்க ஆரம்பிக்கிறது. 41-இல் ஃபயர் பட்டன் அழுந்துகிறது. மொத்தம் 683 மில்லிவினாடி. இதில் மூளையின் பங்கு முதல் 15 பிரேம், 250 மில்லிவினாடிதான். மீதி 433 முழுக்கக் கட்டைவிரலின் வேலை.

இதே காட்சியில் ஸ்கோப்பை வலது ஆள்காட்டி விரலும் ஃபயரை இடது ஆள்காட்டி விரலும் பார்த்துக்கொண்டால், ஸ்கோப் திறக்கும்போதே கட்டைவிரல் குறியை இழுத்துக்கொண்டிருக்கும். 27-ஆவது பிரேமில் தோட்டா போய்விட்டால் 450 மில்லிவினாடி, 233 மிச்சம். இதோடு ஒப்பிட்டால் போன் விளம்பரங்களில் வரும் டச் சாம்ப்ளிங் எண் எவ்வளவு சிறியது என்று பாருங்கள். 120 ஹெர்ட்ஸ் திரை 8.3 மில்லிவினாடிக்கு ஒருமுறை விரலைப் பார்க்கிறது, 240 ஹெர்ட்ஸ் திரை 4.2-க்கு ஒருமுறை. அதிகபட்ச லாபமே நான்கு மில்லிவினாடி, சராசரியாக இரண்டு. அதற்காக மட்டும் புது போன் வாங்குவது வீண் செலவு.

ஒரே ஒரு பதிவை வைத்து முடிவுக்கு வராதீர்கள். பத்துச் சண்டைகளை எண்ணி, நடுவில் வரும் எண்ணை எடுத்துக் குறித்து வையுங்கள். ரெக்கார்டர் ஓடும்போது போனுக்குச் சுமை கூடும் என்பதால், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே போன், ஒரே கிராபிக்ஸ் அமைப்பு இருக்க வேண்டும்.

பிடி முதலில், பட்டன் பிறகு

பலர் செய்யும் தவறு, யூடியூபில் பார்த்த பிளேயரின் லேஅவுட்டை நகலெடுக்கும் கோட் எண்ணை அப்படியே போட்டுவிட்டு, அந்தப் பட்டன்கள் இருக்கும் இடத்துக்குத் தன் விரலை வளைப்பது. அவர் கை நீளம் வேறு, போன் வேறு. சிலர் ஐபேடில் ஆடுகிறார்கள். அந்த லேஅவுட் போனில் வந்து உட்கார்ந்தால் பட்டன்கள் எல்லாம் எங்கோ நிற்கும். கோட் எண்ணை வாங்குவதில் தப்பில்லை, அது ஒரு யோசனைக்கு மட்டும்.

நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையை மேசையிலோ தொடையிலோ ஊன்றிக்கொள்ளுங்கள். போனை அகலவாக்கில் பிடியுங்கள். எடையை நடுவிரலும் மோதிர விரலும் பின்புறத்தில் தாங்க வேண்டும். சுண்டு விரலைக் கீழ் விளிம்பில் முட்டுக் கொடுப்பது பலருக்குப் பழக்கம். 200 கிராம் போனை ஒரு மணி நேரம் அப்படித் தாங்கினால் விரல் ஓரத்தில் தடம் விழுந்துவிடும். சும்மா தொட்டுக்கொண்டு இருக்கட்டும், எடையை அதன் மேல் விடாதீர்கள். ஆள்காட்டி விரல்கள் மேல் விளிம்பைத் தாண்டி வந்து, முதல் கணுவில் லேசாக வளைந்து திரையைத் தொட வேண்டும். நகம் படுகிறது என்றால் வளைவு அதிகம். திரை நகத்தை உணராது, விரலின் சதையைத்தான் உணரும். மணிக்கட்டு முன்கையோடு நேர்கோட்டில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இப்போது உங்கள் விரல் இயல்பாக எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. படம் வரையும் ஆப் ஏதாவது ஒன்றை அகலவாக்கில் திறங்கள். மேலே சொன்ன பிடியில் போனைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு இடது ஆள்காட்டி விரலால் பத்து முறை தட்டுங்கள். ஒவ்வொரு முறையும் விரலை முழுதாகத் தூக்கிவிட்டுத் தட்ட வேண்டும். பிறகு வலது ஆள்காட்டி, பிறகு இரண்டு கட்டைவிரல்கள், தனித்தனியாக. முடிந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நான்கு புள்ளிக் கூட்டங்கள் இருக்கும். பட்டன் உட்கார வேண்டிய இடம் அந்தக் கூட்டத்தின் நடு. பட்டனின் அளவு அந்தக் கூட்டத்தின் அகலத்தைவிடக் கொஞ்சம் பெரிது.

6.5 அங்குல, 20:9 போன் ஒன்றின் திரை சுமார் 150 மில்லிமீட்டர் அகலம், 68 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். அதில் ஆள்காட்டி விரலின் புள்ளிகள் 11 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பரவியிருந்தால், ஃபயர் பட்டனுக்கு 13 முதல் 14 மில்லிமீட்டர் கொடுக்கலாம். சாதாரண ஆப்களுக்கே கூகுள் பரிந்துரைக்கும் குறைந்தபட்சத் தொடு பரப்பு சுமார் 9 மில்லிமீட்டர். அவசரத்தில், பார்க்காமல் தொடும் பட்டன் அதைவிடப் பெரிதாக இருப்பதுதான் நியாயம்.

மேல் விளிம்பை ஒட்டியே உங்கள் புள்ளிகள் விழுந்திருந்தால் பட்டனை அங்கே வைக்க வேண்டாம். கையில் பிடிக்கும்போது தவறுதலாகப் படும் தொடுதலை விட்டுவிட, பல போன்கள் விளிம்பையொட்டிய ஒரு மெல்லிய பட்டையைக் குறைவாகவே கவனிக்கும். பட்டனின் நடு விளிம்பிலிருந்து குறைந்தது 10 மில்லிமீட்டர் உள்ளே இருக்கும்படி, பிடியைத்தான் கொஞ்சம் மேலே ஏற்ற வேண்டும். தடித்த விளிம்புள்ள கவர் போட்டிருந்தால் விரல் ஏறி இறங்க அதுவே தடை. ஆடும்போது கழற்றிவிடுங்கள்.

எந்த வேலை எந்த விரலுக்கு

இங்கே ஒரே ஒரு விதிதான்: சண்டையில் ஒரே நேரத்தில் நடக்கும் இரண்டு செயல்கள் ஒரே விரலுக்குப் போகக் கூடாது. ஒன்றன் பின் ஒன்றாக நடப்பவை ஒரே விரலில் இருக்கலாம்.

நகர்வது, பார்வையைத் திருப்புவது, சுடுவது மூன்றும் கட்டாயம் ஒன்றாக நடக்கும். ஆகவே ஜாய்ஸ்டிக் இடது கட்டைவிரலுக்கு, பார்வை வலது கட்டைவிரலுக்கு, ஃபயர் இடது ஆள்காட்டிக்கு. இது முடிந்துபோன விஷயம், இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அடுத்து ஸ்கோப். அதைத் திறக்கும்போது மற்ற மூன்று விரல்களும் வேலையாக இருக்கலாம். ஆகவே வலது ஆள்காட்டி. உட்காருவது எங்கே? பெரும்பாலானோர் அதை வலது கீழ் மூலையிலேயே விட்டுவிடுகிறார்கள், ஆரம்பத்தில் அங்கேதான் இருக்கும் என்பதால். ஆனால் கிட்டச் சண்டையில் சுட்டுக்கொண்டே உட்கார வேண்டும். அப்போது வலது கட்டைவிரல் எதிரியைத் துரத்திக்கொண்டும் ரீகாயிலை இழுத்துக்கொண்டும் இருக்கும். உட்காரும் பட்டனுக்குப் போனால் குறி நின்றுவிடும், துப்பாக்கி மேலே ஏறிவிடும். ஸ்கோப்பும் உட்காருவதும் ஒரே நொடியில் தேவைப்படுவது அரிது. அதனால் உட்காரும் பட்டனை ஸ்கோப்புக்குப் பக்கத்தில், வலது ஆள்காட்டியின் கீழேயே வைக்கலாம். குதிப்பதும் இதே கணக்கு. படுப்பது மட்டும் வலது கட்டைவிரலுக்கே இருக்கட்டும். படுக்கும் நேரத்தில் பொதுவாக அவ்வளவு அவசரம் இருக்காது.

பீக்தான் சிக்கலானது. சுவரிலிருந்து சாய்ந்துகொண்டே சுடுவதால், பீக்கும் ஃபயரும் ஒரே விரலில் இருக்க முடியாது. அழுத்திப் பிடித்தால் மட்டும் சாயும் முறையில் வைத்தால் ஒரு விரல் முழுக்கப் பிடிபட்டுவிடும். தட்டினால் சாய்ந்து, மறுபடி தட்டினால் நிமிரும் முறைக்கு மாற்றிவிட்டால், இடது ஆள்காட்டியே பீக்கைத் தட்டிவிட்டு ஃபயருக்கு வந்துவிடலாம். Peek & Open Scope என்பதை ஆன் செய்தால் சாயும்போதே ஸ்கோப்பும் திறக்கும், ஒரு தட்டு மிச்சம். ஆனால் கிட்டச் சண்டையில் ஸ்கோப் வேண்டாத நேரத்திலும் திறந்துகொள்ளும். எதிரே கதவு இருக்கும் வீடுகளில் இது ஆளைக் கொல்லும். முதல் மாதம் ஆஃப் செய்தே ஆடுங்கள்.

ஆட்டத்துக்குள் வைப்பது

Settings, பிறகு Controls, பிறகு Customize. அங்கே மூன்று லேஅவுட்டுகளைச் சேமிக்கலாம். பழைய இரண்டு கட்டைவிரல் லேஅவுட்டை முதலாவதில் அப்படியே விட்டுவிட்டு, இரண்டாவதில் வேலையைத் தொடங்குங்கள். இடது ஃபயர் பட்டன் தெரியவில்லை என்றால் அது அமைப்பில் மறைக்கப்பட்டிருக்கும். எப்போதும் தெரியும்படி மாற்றுங்கள். ஸ்கோப் திறந்தால் மட்டும் தெரியும்படி வைத்தால் இடுப்பிலிருந்து சுடும்போது காணாமல் போய்விடும்.

முதலில் இடது ஃபயர், ஸ்கோப், உட்கார், குதி நான்கையும் புள்ளிக் கூட்டங்களின் மேல் வையுங்கள். அங்கே ஏற்கெனவே மினிமேப்போ வேறு பட்டனோ இருந்தால் அதைத்தான் நகர்த்த வேண்டும். இரண்டு பட்டன்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால் தொடுதல் எதற்குப் போகும் என்று சொல்ல முடியாது. ஓரங்களுக்கு இடையே 2 மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள். வலது ஃபயர் பட்டனை அழித்துவிட வேண்டாம். அதைச் சிறிதாக்கி ஓரத்தில் வைத்தால் வாகனத்தில் போகும்போது உதவும். பிறகு பார்வை திருப்பும் வலது பாதியைப் பாருங்கள். கட்டைவிரல் இழுக்கும் வழியில் எந்தப் பட்டனும் இல்லாத, சுமார் 40 மில்லிமீட்டர் வெற்றிடம் வேண்டும். ரீலோட், கையெறி குண்டு, பை எல்லாம் அந்த இடத்துக்கு வெளியே போகட்டும்.

பட்டன்களை மங்கலாக்கும் ஸ்லைடர் உண்டு. இடம் பழகும்வரை அதைத் தொடாதீர்கள். பழகிய பிறகு ஆள்காட்டி விரல் பட்டன்களை நன்றாக மங்கலாக்கினால் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் மலையும் ஜன்னலும் தெரியும்.

நான்கு விரல் வைத்ததும் போன் குழம்பும் இடங்கள்

கிளாவுக்கு மாறியவர்கள் முதல் நாளே சொல்லும் புகார்: "ஓடிக்கொண்டே சுடும்போது திடீரென்று எல்லாம் நின்றுவிடுகிறது." பெரும்பாலும் காரணம் மூன்று விரல் ஸ்கிரீன்ஷாட். பல ஆண்ட்ராய்டு போன்களில் மூன்று விரலால் கீழே இழுத்தால் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் வசதி ஆனில் இருக்கும். இரண்டு கட்டைவிரலில் அது ஒருபோதும் குறுக்கே வராது. கிளாவில் மூன்று விரல்கள் எப்போதும் திரையில் நகர்ந்துகொண்டிருப்பதால், போன் அதை ஸ்கிரீன்ஷாட் என்று நினைத்து ஆட்டத்திடமிருந்து தொடுதல்களைப் பறித்துக்கொள்ளும். ஆள் நிற்பார், துப்பாக்கியும் நிற்கும், படம் மட்டும் ஓடும். அமைப்புகளில் அதை ஆஃப் செய்யுங்கள். கேமிங் மோடில் ஓரத்தை இழுத்தால் பின்னால் போவதையும் அறிவிப்புத் திரை இறங்குவதையும் தடுக்கும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள். ஐபோனில் இதே வேலைக்கு Accessibility-க்குள் Guided Access இருக்கிறது.

ஒரே ஒரு விரல் மட்டும் சில நேரம் வேலை செய்யவில்லையா? Developer options-இல் Pointer location-ஐ ஆன் செய்து நான்கு விரல்களையும் வையுங்கள். மேலே இடது மூலையில் P: 4 / 4 என்று வர வேண்டும். முதல் எண் இப்போது படும் விரல்கள், இரண்டாவது அந்த முறை பட்டதில் அதிகபட்சம். விரல்களைத் தூக்காமலே அசைத்துப் பாருங்கள். எண் 3-க்கும் 4-க்கும் மாறிக்கொண்டே இருந்தால் லேஅவுட்டில் குறை இல்லை. திரையோ கண்ணாடியோ வியர்வையோதான் காரணம். சார்ஜர் மாட்டியிருக்கும்போது மட்டும் இப்படி வந்தால் சார்ஜரின் மின் இரைச்சல் திரைக்குள் புகுகிறது. கழற்றிவிட்டு ஆடினால் சரியாகிவிடும், சூடும் குறையும்.

வியர்வை நம் ஊர் வெயிலுக்குத் தனிப் பிரச்சினை. விரல் மின்சாரம் கடத்துவதை வைத்துத்தான் திரை தொடுதலை உணர்கிறது. வியர்வையும் மின்சாரம் கடத்தும். ஈரம் இருக்கும் இடமெல்லாம் விரல் போலத் தெரிய, தொட்ட இடம் நகரும். ஈர விரல் திரையில் ஒட்டி ஒட்டி இழுப்பதால் குறியும் குதிக்கும். பருத்தித் துணியால் துடைத்துக்கொள்வது, ஃபேனுக்கு எதிரே உட்காருவது, வெள்ளி இழை கலந்த விரல் உறை என்று மூன்று வழிகள் உண்டு. உறையை முதலில் கட்டைவிரல்களுக்கு மட்டும் போடுங்கள், இழுக்கும் வேலை அவற்றுக்குத்தான். ஆள்காட்டி விரல் தட்ட மட்டுமே செய்வதால் உறையில்லாமலே பலருக்கு நன்றாக இருக்கும். முகப்பவுடர் தடவுவதும் வேலை செய்யும், ஆனால் ஸ்பீக்கர் துளைக்குள் போய்ச் சேரும்.

சென்சிட்டிவிட்டியும் ஜைரோவும்

லேஅவுட் மாற்றிய அன்றே சென்சிட்டிவிட்டியையும் மாற்றினால், எது சரியாக வந்தது, எது கெடுத்தது என்றே தெரியாது. இரண்டு வாரம் பழைய எண்களோடு ஆடுங்கள். அதன்பின் ட்ரெய்னிங் கிரவுண்டில் ஒரு சுவருக்கு நேராக நின்று, கட்டைவிரலை வலிக்காமல் எட்டும் தூரம் ஒரே இழுப்பு இழுங்கள். அந்த ஓர் இழுப்பில் முழுதாகப் பின்னால், 180 டிகிரி திரும்ப வேண்டும். குறைந்தால் கேமரா சென்சிட்டிவிட்டியை ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள், தாண்டினால் இறக்குங்கள். பத்து முறையில் எட்டு முறை ஏறக்குறைய அதே இடத்தில் நின்றால் போதும்.

போனைச் சாய்த்தே குறியை நகர்த்தும் ஜைரோவைப் போட்டால், துப்பாக்கி ஏறுவதை மணிக்கட்டு பார்த்துக்கொள்ளும். கட்டைவிரல் எதிரியைத் தொடர்வதற்கு மட்டும். நம் விதிப்படி இது இன்னொரு வேலைப் பிரிப்புதான். ஆனால் கிளா பிடி இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போது ஜைரோவைச் சேர்த்தால், ஃபயரைத் தட்டும் ஒவ்வொரு அதிர்வும் குறியை அசைக்கும். ஆள்காட்டி விரல் தட்டும்போது போன் அசையாத நிலை வந்த பிறகு, முதலில் ஸ்கோப்பில் மட்டும் ஆன் செய்யுங்கள். பேருந்திலும் காரிலும் ஆஃப். வண்டி வளைவில் திரும்பினால் ஜைரோவுக்கு நீங்கள் திரும்பியதாகத்தான் தெரியும்.

பழகும் வரிசை

நான்கு விரலையும் ஒரே நாளில் இறக்காதீர்கள். முதல் நான்கைந்து நாள் இடது ஆள்காட்டியில் ஃபயர் மட்டும், மற்றதெல்லாம் பழையபடி. தினமும் ட்ரெய்னிங் கிரவுண்டில் 15 நிமிடம், பிறகு இரண்டு டிடிஎம். கை தானாக வலது ஃபயருக்கு ஓடுவது நின்றதும் ஸ்கோப்பை வலது ஆள்காட்டிக்கு மாற்றுங்கள். அதன்பின் உட்காருவது, கடைசியாகக் குதிப்பது. முதல் வாரம் ஆட்டம் நிச்சயம் மோசமாகும், அதனால் ரேங்க் ஆட்டங்களை முதலாவது லேஅவுட்டிலேயே ஆடலாம் என்று தோன்றும். அப்படி ஆடினால் பழைய பழக்கம் சாகாது; ரேங்கை நிறுத்தி வைப்பதுதான் மேல். இடையில் ஒரு பட்டன் கைக்கு வரவில்லை என்றால் உடனே நகர்த்தாதீர்கள். மூன்று நாள் பாருங்கள். விரல் எப்போதும் ஒரே பக்கமாகத் தவறினால் பட்டனை அந்தப் பக்கம் 2 மில்லிமீட்டர் தள்ளுங்கள். எல்லாப் பக்கமும் தவறினால் பட்டனில் குறை இல்லை, பிடி ஆடுகிறது.

உடம்பு சொல்வதையும் கேட்க வேண்டும். 45 நிமிடத்துக்கு ஒருமுறை போனைக் கீழே வைத்துவிட்டு விரல்களை விரித்து மடக்குங்கள். ஆள்காட்டி விரலின் கணுவில் முதல் சில நாள் வரும் அயர்ச்சி சகஜம், காலையில் போயிருக்கும். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டு ஓரமாக வலித்தால் அது வேறு. கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டியாக்கி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்க்கும்போது அங்கே சுள்ளென்று வலிக்கிறதா? தசைநாணின் உறை வீங்கியிருக்கலாம். ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும். ஓய்வு கொடுத்தும் இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போனால் பெரும்பாலும் முழங்கையை அதிகமாக மடக்கி வைத்திருப்பீர்கள், அல்லது அதன் எலும்பை மேசை விளிம்பில் அழுத்தியிருப்பீர்கள். படுத்துக்கொண்டு போனை முகத்துக்கு மேல் பிடிப்பவர்களுக்கு இது சீக்கிரம் வரும். முழங்கையைக் கொஞ்சம் நீட்டி, கீழே ஒரு தலையணை வையுங்கள்.

நான்காவது வாரத்தில் மறுபடி பத்துச் சண்டைகளைப் பதிவு செய்து பிரேம்களை எண்ணுங்கள். விரல் அசையத் தொடங்கும் பிரேம் 15-ஐ ஒட்டியே இருக்கும், அது மாறாது. ஸ்கோப்பிலிருந்து ஃபயர்வரையான பிரேம்கள் குறையவில்லை என்றால் வெள்ளைப் புள்ளிகளைப் பாருங்கள்: அநேகமாக வலது கட்டைவிரல் இன்னும் ஏதோ ஒரு பட்டனைத் தேடிப் போய்க்கொண்டிருக்கும்.